படி தெருவில் இறங்கிவிட்டால்: குமரி மாவட்டத்தில் ரோட்டோர ஆக்கிரமிப்பை அளந்து, மனு கொடுத்து, அகற்ற வைப்பது எப்படி?

கட்டட பிளான் வரைவது என் தொழில். அதனால் ஒரு விஷயத்தை ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். நாங்கள் வரைகிற பிளானில் வாசல்படி எப்போதும் மனைக்குள்ளேதான் இருக்கும். கட்டும்போதுதான் அது தெருவில் இறங்கும்.

ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. நம் ஊரில் இரண்டு பருவமழையும் பெய்யும். ரோடு போடும்போதெல்லாம் பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே போடுவார்கள், ரோடு உயர்ந்துகொண்டே போகும். வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிடும் என்று பயந்து தரைமட்டத்தை 3 அடி தூக்கிக் கட்டுகிறோம். 3 அடி ஏற 6 அங்குல உயரத்தில் 6 படி வேண்டும். ஒரு படிக்கு 10 அங்குல அகலம் என்று வைத்தால் 5 அடி நீளம் ஆகிவிடும். முன்சுவரை எல்லைக் கோட்டிலேயே எழுப்பிவிட்டவருக்கு அந்த 5 அடி எங்கிருந்து கிடைக்கும்? தெருவிலிருந்துதான். அதோடு பைக் ஏற ஒரு சரிவு, ஓடை மேல் ஒரு ஸ்லாப், மேலே தகரக் கூரை. நாலைந்து வருடத்தில் அது "எங்க வாசல்" ஆகிவிடும்.

தள்ளுவண்டி, நடைபாதை வியாபாரம் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அதற்கு 2014-இல் வந்த தெரு வியாபாரிகள் சட்டம் என்று தனிச் சட்டமும் தனிப் பாதுகாப்பும் உண்டு. நான் சொல்வது நிலையான கட்டடம் பொதுத் தெருவுக்குள் வந்து நிற்கிற விஷயம்.

ரோடு யாருடையது?

மனுக்கள் பாதிக்குப் பாதி வீணாவது இந்த இடத்தில்தான். நாகர்கோவில் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதாலேயே ஒரு ரோடு மாநகராட்சியுடையது ஆகிவிடாது. களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை வழியாக வருகிற தேசிய நெடுஞ்சாலை 66 எத்தனையோ ஊர்களின் நடுவே ஓடுகிறது. அதன் ஓரத்து நிலம் அந்தந்த ஊர் நகராட்சிக்குச் சொந்தமில்லை. மாநில நெடுஞ்சாலைத் துறை பராமரிக்கிற ரோடுகளும் அப்படித்தான். அங்கே ஆக்கிரமிப்பை எடுக்கும் அதிகாரம் 2001-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டப்படி அந்தத் துறைக்கு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலைக்கு 2002-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் தனியாக உண்டு.

கிலோமீட்டர் கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத குறுக்குத் தெருக்கள் பெரும்பாலும் உள்ளாட்சியுடையவை. ஆனால் நம் மாவட்டத்துக்கே உரிய இன்னொரு சிக்கல் இருக்கிறது, அது சானல்கரை ரோடு. அனந்தனார் சானல் மாதிரியான பாசனக் கால்வாய்களின் கரைமேல் போகிற ரோடுகளில் தார் போட்டது ஒருவராகவும் நிலம் நீர்வளத் துறையுடையதாகவும் இருக்கலாம். அங்கே நகராட்சிக்கு மட்டும் மனு கொடுத்தால் "எங்கள் வரம்பில் இல்லை" என்று ஒரு வரியில் பதில் வரும்.

சந்தேகம் இருந்தால் ஒரு எளிய வழி உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்தத் தெரு எந்தத் துறையின் பராமரிப்பில் உள்ளது, பதிவேட்டில் உள்ள அகலம் எவ்வளவு" என்று கேளுங்கள். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் 6(3) பிரிவின்படி அவர்களே 5 நாளுக்குள் சரியான அலுவலகத்துக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றக் கடிதமே பாதி விடையைச் சொல்லிவிடும்.

இரண்டு துறைகளுமே கையை விரித்தால், இரண்டுக்கும் மனு கொடுத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் "கூட்டுப் புலத்தணிக்கை வேண்டும்" என்று அதே சொல்லில் கேளுங்கள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஒரே இடத்தில் நிற்காதவரை இந்தப் பந்து விளையாட்டு ஓயாது.

அளவுதான் வழக்கு

இனி ஒரு தெருக்கதை. ஆட்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

நாகர்கோவிலில் ஒரு குறுக்குத் தெரு. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அக்கா என்னிடம் வந்தார். எதிரே இருந்த பழைய வீட்டை இடித்து, கீழே கடையும் மேலே வீடுமாகக் கட்டியிருந்தார்கள். நாலு படி தெருவில் நின்றது. படி கடையின் முகப்பு முழுக்க, 10 மீட்டர் நீளத்துக்கு. அதற்கு அடியில் மழைநீர் ஓடை. ஸ்லாப்பைக் கான்கிரீட்டில் ஒட்டிவிட்டதால் துப்புரவுப் பணியாளர் ஓடையைத் திறக்க முடியவில்லை. மழை பெய்தால் தண்ணீர் அக்கா வீட்டு கேட்டின் முன்னால் நிற்கும்.

"தம்பி, தெரு 20 அடி ரோடு. எல்லாருக்கும் தெரியும். இப்ப 15 அடிதான் இருக்கு. மீதி 5 அடியையும் அவரு எடுத்துட்டாரு" என்றார்.

எல்லாருக்கும் தெரியும் என்பது அளவு ஆகாது. தெருவின் அகலம் மனைப்பிரிவு விளம்பரத்திலோ பக்கத்து வீட்டுத் தாத்தாவின் நினைவிலோ இல்லை, நில அளவைப் பதிவில் இருக்கிறது. தெருவுக்கும் உங்கள் மனையைப் போலவே ஒரு சர்வே எண் உண்டு. அதற்கு ஒரு வரைபடமும் உண்டு. கிராமப் பகுதி என்றால் அது எஃப்.எம்.பி எனும் புலப்படம், நகரப் பகுதி என்றால் டவுன் சர்வே வரைபடமும் நகர நில அளவைப் பதிவேடும். அந்தப் படத்தில் தெரு ஒரு நாடா போல நேராக இருக்காது. ஒரு இடத்தில் 6.4 மீட்டர், அடுத்த முனையில் 5.6 மீட்டர் என்று சுருங்கி விரியும். ஆகவே கேட்க வேண்டியது தெருவின் அகலத்தை அல்ல, "இந்த மனைக்கு எதிரில் அகலம் எவ்வளவு" என்பதைத்தான்.

புலப்படத்தையும் பட்டா, அ-பதிவேட்டு விவரத்தையும் `eservices.tn.gov.in` தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்து பார்த்துக்கொள்ளலாம். நகரப் பகுதிக்கு வார்டு, பிளாக், டி.எஸ். எண் வேண்டும். இங்கே வார்டு என்பது நீங்கள் ஓட்டுப் போடுகிற வார்டு அல்ல, நில அளவை வார்டு. இதைக் குழப்பிக்கொண்டு வேறொரு தெருவின் படத்தை வைத்துச் சண்டை போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். அதேபோல நம் மாவட்டத்துப் பத்திரங்களில் பழைய சர்வே எண்ணும் ரீசர்வே எண்ணும் சேர்ந்தே வரும். இணையத்தில் தேட வேண்டியது ரீசர்வே எண்ணை.

அக்காவின் வீட்டுக்கு எதிரே படத்தில் இருந்த அகலம் 6.0 மீட்டர். இந்த வீட்டுக் காம்பவுண்டிலிருந்து எதிர்ப்படி விளிம்பு வரை டேப் வைத்தால் 4.6 மீட்டர். 1.4 மீட்டர் காணோம். இதுவரைக்கும் அக்கா சொன்னது சரி.

ஆனால் அந்த 1.4 மீட்டர் எந்தப் பக்கம் போயிற்று என்பதை இரண்டு சுவர்களுக்கு நடுவே டேப் பிடித்துக் கண்டுபிடிக்க முடியாது. அசையாத புள்ளி ஒன்று வேண்டும். சர்வே கல் இருந்தால் அதுதான் முதல். நகரத்தில் கல் பெரும்பாலும் தாருக்கடியில் போயிருக்கும். அப்போது தெரு முக்கு, படத்தில் குறித்துள்ள பழைய கோயில் சுவர், கிணறு மாதிரி இடம் மாறாத ஒன்றிலிருந்து படத்தில் உள்ள தூரங்களைத் தரையில் வைத்துக்கொண்டே வர வேண்டும். இதைச் செய்ய அதிகாரம் உள்ளவர் அரசு நில அளவர். நாம் செய்து பார்ப்பது முன்கூட்டித் தெரிந்துகொள்ள மட்டும்.

அப்படி வைத்துப் பார்த்தபோது படி 0.9 மீட்டர் வெளியே இருந்தது. மீதி 0.5 மீட்டர் அக்காவின் காம்பவுண்டுச் சுவர். அவருடைய அப்பா காலத்தில் கட்டியது. அவருக்கே தெரியாது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "சரி, ரெண்டையும் எழுதுங்க" என்றார்.

உங்கள் சுவரையும் அளந்துவிட்டு மனு கொடுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வதற்குக் காரணம் இதுதான். நில அளவர் வந்தால் தெருவின் இரண்டு கோட்டையும்தான் வைப்பார். உங்களுக்காக ஒரு கோட்டை மறைக்க மாட்டார். எதிராளி அதை முதலில் கண்டுபிடித்தால் அவருடைய பதில் மனுவின் முதல் வரி அதுவாகத்தான் இருக்கும்.

ஆக்கிரமிப்பைச் சோதிக்க இன்னொரு குறுக்கு வழி பத்திரம். எதிர்வீட்டுக்காரரின் மனை 4 சென்ட். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர், ஆக 4 சென்ட் சுமார் 162 சதுர மீட்டர். பின்சுவரிலிருந்து படி விளிம்பு வரை அவர் வைத்திருந்தது சுமார் 171. கூடுதலாக உள்ள 9 சதுர மீட்டர், 10 மீட்டர் முகப்பை 0.9 மீட்டரால் பெருக்கினால் வருகிற அதே எண். இது நிரூபணம் ஆகாது, ஏனென்றால் பத்திரத்து அளவுகளும் பிசகும். ஆனால் இரண்டு கணக்கும் ஒன்றாக வந்தால் தைரியமாக மனு எழுதலாம். வித்தியாசம் 5 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டர் என்றால் விட்டுவிடுங்கள். அது பூச்சுக் கனத்திலும் டேப் தொய்விலும் போய்விடுகிற அளவு.

கண்ணுக்குத் தெரியாத ஆக்கிரமிப்பு ஒன்றும் உண்டு. செப்டிக் டாங்க், உறிஞ்சு குழி. வீட்டுக்குள் இடமில்லாமல் ரோட்டோரத்தில் புதைத்து, மேலே மூடி போட்டிருப்பார்கள். படத்தில் தெருவாக உள்ள இடத்தில் மேன்ஹோல் மூடி மாதிரி ஒன்றும் ஒரு காற்றுக் குழாயும் தெரிந்தால் அதையும் மனுவில் சேருங்கள். ஓடை வெட்ட வருகிறவர்களுக்குப் பெரிய தொல்லையே இதுதான்.

மனுவில் என்ன எழுதுவது?

கோபத்தை எழுதாதீர்கள், அளவை எழுதுங்கள். மாநகராட்சி, நகராட்சி என்றால் ஆணையருக்கு, பேரூராட்சி என்றால் செயல் அலுவலருக்கு. கிராம ஊராட்சி என்றால் தலைவருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். வேலையைச் செய்யப்போவது நகரமைப்புப் பிரிவுதான் என்றாலும் மனு தலைவாசல் வழியாகத்தான் போக வேண்டும். தபால் பிரிவில் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். 1100 எண்ணில் முதல்வர் உதவி மையத்திலும் பதியலாம். ஆனால் அங்கே படம், அளவு எல்லாம் விவரமாகப் போகாது, அதைத் துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா கொடுத்த மனுவின் நடுப்பகுதி இப்படி இருந்தது:

"மேற்படி தெரு டவுன் சர்வே வரைபடத்தில் எனது வீட்டுக்கு எதிரே 6.0 மீட்டர் அகலம் உடையது. தற்போது 4.6 மீட்டர் மட்டுமே உள்ளது. கிழக்குப் பக்கக் கட்டடத்தின் படிகளும் ஓடை மேல் உள்ள ஸ்லாப்பும் சுமார் 0.9 மீட்டர் தெருவில் உள்ளன. மேற்குப் பக்கத்தில் எனது காம்பவுண்டுச் சுவரும் சுமார் 0.5 மீட்டர் தெருவில் இருப்பதாகத் தெரிகிறது. நில அளவரைக் கொண்டு இரு பக்கத்தாரின் முன்னிலையில் தெருவின் எல்லையை அளந்து குறித்து, வரைபடத்தின் நகலை எனக்கு அளித்து, ஆக்கிரமிப்புகளை அகற்ற உத்தரவிட வேண்டுகிறேன்."

இதில் இரண்டே கோரிக்கைகள்தான், அளப்பது, அகற்றுவது. அளப்பதை விட்டுவிட்டு "அகற்றவும்" என்று மட்டும் கேட்கிற மனுவுக்கு ஒரு மேஸ்திரி வந்து பார்த்துவிட்டுப் போவார். "நடவடிக்கை எடுக்கப்பட்டது" என்று பதில் வரும். கோப்பு மூடப்படும். படி அப்படியே இருக்கும். டேப்பைப் படி விளிம்பில் பிடித்து, எண் தெரிகிற மாதிரி எடுத்த 2 போட்டோ சேர்த்தால் போதும், 20 வேண்டாம்.

30 நாளாகியும் அசைவில்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மூன்றே கேள்விகள் கேளுங்கள். என் மனு யாரிடம் உள்ளது, நில அளவர் அளந்த வரைபடத்தின் நகல், அனுப்பிய நோட்டீஸின் நகல். அளக்கவில்லை, அனுப்பவில்லை என்றால் அதை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிவரும். பின்னால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போக நேர்ந்தால் அந்த ஒரு தாள் உதவும். அங்கேயும் முதலில் கிடைப்பது பெரும்பாலும் "மனுவைப் பரிசீலித்து, எதிர்த்தரப்பையும் கேட்டு, இத்தனை வாரத்தில் முடிவெடுங்கள்" என்கிற உத்தரவுதான். நேராக இடிக்கச் சொல்லிவிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டு செலவு செய்யாதீர்கள்.

நோட்டீஸ்: எல்லாம் நிற்பதும் சரிவதும் இங்கே

நில அளவர் வந்து சிவப்புப் பெயின்டில் கோடு போட்டபின் உள்ளாட்சி நோட்டீஸ் அனுப்பும். பழைய காலத்தில் அது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டத்து 182-ஆம் பிரிவில் போகும். இப்போது 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். 1998 என்று பெயர் இருந்தாலும் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது 2023 ஏப்ரலில்தான். அதனால் சில அலுவலகங்களில் பழைய படிவமே இன்னும் கைப்பழக்கத்தில் இருக்கலாம். பிரிவு எண் தவறு என்பதற்காக மட்டும் நோட்டீஸ் செல்லாமல் போவதில்லை, அதிகாரம் உண்மையில் இருக்கிறதா என்றுதான் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் எதிராளிக்கு இழுத்தடிக்க ஒரு பிடி கிடைக்கும்.

புறம்போக்கு நிலத்தில் வருவாய்த் துறையும் 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி 7-ஆம் பிரிவில் நோட்டீஸ் கொடுத்து, 6-ஆம் பிரிவில் வெளியேற்றலாம். பி மெமோ என்று பேச்சில் வருவது இந்தச் சட்டத்தின் வழியில் வருவது. பி மெமோவுக்குப் பணம் கட்டிவிட்டோம், இடம் நமக்குத்தான் என்று நம்புகிறவர்கள் நிறைய. அது ஆக்கிரமித்ததற்கான வசூல், உரிமைக்கான ரசீது இல்லை.

நல்ல நோட்டீஸை எப்படி அடையாளம் காண்பது? அதில் எந்தப் பகுதி, எத்தனை மீட்டர், எந்த சர்வே எண்ணுக்குள் வந்திருக்கிறது என்று இருக்கும். அளந்த படம் இணைத்திருக்கும். பதில் சொல்ல நாள் கொடுத்திருக்கும். நடைமுறையில் 7 அல்லது 15 நாள் தருவார்கள். "தங்கள் கட்டடத்தின் முன்புறம் உள்ள ஆக்கிரமிப்புகளை உடனே அகற்றவும்" என்று அளவே இல்லாமல் வருகிற ஒற்றை வரி நோட்டீஸ்தான் கேசில் தோற்பது. அகற்றும் வேலைகள் பாதியில் நின்றுபோன இடங்களில் நான் பார்த்தவரை, ஜேசிபி கிடைக்காததோ போலீஸ் வராததோ முதல் காரணமாக இருந்ததில்லை. நோட்டீஸில் அளவு இல்லாததுதான் காரணம்.

நோட்டீஸ் வாங்கியவர்கள் இப்போது அடிக்கடி காட்டுவது உச்ச நீதிமன்றத்தின் 2024 நவம்பர் 13-ஆம் தேதித் தீர்ப்பை. 15 நாள் நோட்டீஸ் கொடுக்காமல் எதையும் இடிக்கக் கூடாது என்று அதில் சொல்லியிருப்பது உண்மை. ஆனால் ரோடு, தெரு, நடைபாதை, ரயில் பாதை ஓரம், நீர்நிலை மாதிரிப் பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானத்துக்கு இந்த வழிமுறைகள் பொருந்தாது என்று அதே தீர்ப்பே விலக்கும் வைத்திருக்கிறது. அதற்காக நோட்டீஸே வேண்டாம் என்று உள்ளாட்சி நினைத்துவிடக் கூடாது. நடைபாதையில் குடியிருக்க யாருக்கும் உரிமை இல்லை, ஆனாலும் முன்னறிவிப்புக் கொடுத்துத்தான் அகற்ற வேண்டும் என்பது 1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கிலேயே சொல்லப்பட்டுவிட்டது.

எதிராளி என்ன சொல்வார்?

கடைக்காரர் கொடுத்த பதிலில் மூன்று விஷயங்கள் இருந்தன. கட்டட அனுமதி இருக்கிறது, சொத்து வரி கட்டுகிறேன், இது பழைய வீட்டிலேயே இருந்த படி.

முதல் இரண்டும் நிற்காது. அனுமதி பிளானில் படி மனைக்குள் இருந்தது. தகவல் உரிமைச் சட்டத்தில் பிளான் நகலை வாங்கினால் தெரிந்துவிடும், வாங்கவும் வாங்கினோம். வரி கட்டியது கட்டடத்துக்கு. கட்டடம் நிற்கிற மண்ணின் உரிமையை வரி ரசீது தராது, மின் இணைப்பும் தராது.

மூன்றாவதைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும். பொதுத் தெருவின் ஒரு பகுதியை ஒருவர் பிடித்துக்கொண்டால் உள்ளாட்சி அதை மீட்க வழக்குப் போடுவதற்கான காலவரம்பு 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி 30 ஆண்டு. அதற்கும் மேலாக, எல்லாருக்கும் தெரியும்படி, இடைவிடாமல், தன்னுடையது என்று வைத்திருந்தவர் உரிமை கோரிப் பார்க்கலாம். ஆனால் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. பழைய 182-ஆம் பிரிவிலேயே இதற்கு இடம் இருந்தது. அப்படி நிரூபித்தாலும் அகற்றத்தான் செய்வார்கள், நியாயமான இழப்பீடு கொடுத்து. எங்கள் கதையில் பழைய வீட்டுக்கு இருந்தது தனியாக எடுத்துப் போடுகிற ஒரே ஒரு கல்படி. கான்கிரீட் படிகள் வந்து 3 வருடம்தான் ஆகியிருந்தது. தெருவில் எடுத்த ஒரு பழைய கல்யாணப் போட்டோவில் அந்தக் கல் தெரிந்தது. அத்தோடு அந்த வாதம் முடிந்தது.

உண்மையில் 30 ஆண்டைச் சொல்லிப் பார்க்க முடிந்தவர் அக்காதான். அவர் சொல்லவில்லை.

பதில் வந்தபின் அதிகாரி அதைப் படித்து, ஏன் ஏற்கவில்லை என்று காரணம் எழுதி உத்தரவு போட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக ஜேசிபியோடு போனால், அன்று சாயங்காலமே தடை உத்தரவு வர வாய்ப்பு உண்டு. எதிராளி முன்சீப் கோர்ட்டுக்குப் போவார் என்று தோன்றினால் சிவில் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவில் கேவியட் போட்டு வைக்கலாம். 90 நாள் செல்லும். அதற்குள் உங்களைக் கேட்காமல் இடைக்காலத் தடை கொடுக்க மாட்டார்கள்.

அகற்றுகிற நாள்

உரிமையாளரே எடுத்துக்கொள்வதுதான் எல்லாருக்கும் மலிவு. "இத்தனை தேதிக்குள் நானே அகற்றிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் அவகாசம் தருவார்கள். தராவிட்டாலும் கேட்டுப் பாருங்கள். ஜேசிபி வாளிக்கு எல்லைக் கோடு தெரியாது. படியை அடிக்கும்போது படியோடு சேர்த்து வார்த்த தரை பீம் அதிரும், மனைக்குள் இருக்கிற சுவரில் விரிசல் விழும். படிக்கும் கட்டடத்துக்கும் நடுவே முதலில் கட்டர் வைத்து ஒரு வெட்டுப் போட்டுவிட்டு அப்புறம் உடைத்தால் அந்தப் பிரச்சினை இல்லை. தூணே தெருவுக்குள் நிற்கிறது என்றால் அவசரப்படவே கூடாது. பொறியாளரை வைத்து, மேல்தளத்துக்கு முட்டுக் கொடுத்து, உள்ளே புதுத் தூண் எழுப்பிய பிறகுதான் பழையதைத் தொட வேண்டும். இதற்கு அவகாசம் கேட்பது சாக்கு இல்லை, தேவை.

உள்ளாட்சியே வந்தால் ஒழுங்கு இப்படி இருக்கும். முந்தின நாள் காவல் நிலையத்துக்கும் மின்வாரியத்துக்கும் கடிதம் போயிருக்கும். காலையில் மின்சாரம் துண்டிப்பார்கள். நில அளவர் மறுபடி கோடு போடுவார். முதலில் தகரம், போர்டு, சன்ஷேடு, அப்புறம் படி, சரிவு, ஸ்லாப், கடைசியில் சுவர். செலவை உரிமையாளரிடமே வசூலிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு. குடிநீர்க் குழாய் எங்கே போகிறது என்று முன்னாலேயே காட்டிக்கொடுங்கள். அன்று உடைந்தால் தெரு முழுக்க இரண்டு நாள் குடத்தோடு நிற்க வேண்டிவரும்.

இந்தத் தெருவில் ஜேசிபி வரவில்லை. மனு கொடுத்தது ஜூனில். தகவல் கேட்ட பிறகு 7-ஆவது வாரத்தில் நில அளவர் வந்தார். நோட்டீஸ், பதில், உத்தரவு எல்லாம் முடிய டிசம்பர் ஆகிவிட்டது. அக்கா அதற்கு முன்பே, கோடு போட்ட மறுவாரமே, தன் காம்பவுண்டை இடித்து அரை மீட்டர் உள்ளே கட்டிவிட்டார். அதற்குப் பிறகு கடைக்காரரால் "எனக்கு மட்டுமா" என்று கேட்க முடியவில்லை. ஜனவரியில் அவரே ஆள் வைத்து வெட்டினார். கடைத் தரையின் முன்பகுதியை ஒரு மீட்டர் உள்ளே தாழ்த்தி, படியை உள்ளுக்குள்ளே இறக்கிக்கொண்டார். கடை கொஞ்சம் சின்னதாயிற்று.

அகற்றியபின் ஒரு மாதம்

வெறும் மண்ணாக விட்ட இடம் திரும்ப நிரம்பும். முதலில் பூந்தொட்டி, அடுத்து பைக் நிறுத்தச் சிமெண்ட் தளம், அடுத்து தகரம். அதனால் அகற்றிய கையோடு மூன்று வேலைகள் நடக்க வேண்டும். இடிபாடு அகற்றப்பட வேண்டும், ஓடையைத் திறந்து எடுத்து மூடுகிற வகை ஸ்லாப் போட வேண்டும், எல்லையில் கல்லோ ஆணியோ பதித்து, கோப்பில் போட்டோவோடு அறிக்கை வைக்க வேண்டும். இதைத் தனி மனுவாகக் கொடுங்கள். ஆக்கிரமிப்பு மனு முடிந்ததாக மூடப்பட்ட பிறகு அதே கோப்பை யாரும் திறக்க மாட்டார்கள்.

ஸ்லாப் வந்தது மார்ச்சில். எல்லைக்கல் இன்னும் வரவில்லை. அக்கா தன் புதுக் காம்பவுண்டு மூலையில் அளந்த தேதியையும் 6.0 மீ. என்பதையும் கருப்புப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறார். எதிர்க்கடைக்காரர் போன வாரம் அதைப் பார்த்துவிட்டு, தன் தூணிலும் எழுதித் தரச் சொல்லிப் பெயின்டரை அனுப்பியிருக்கிறார்.